"இன்ஷூரன்ஸ் இருக்கு சார்" என்றார்கள்: பாராகிளைடிங்கில் கால் உடைந்த பிறகு தெரிந்துகொண்டவை

இமாச்சலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கில் பாராகிளைடிங் போய் இறங்கும்போது எனக்கு வலது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. அறுவை சிகிச்சை, பிளேட், ஸ்க்ரூ, இரண்டு மாதத்துக்கு மேல் வீட்டில் முடக்கம், அதற்கு அப்புறம் காப்பீட்டு நிறுவனத்தோடு பல மாத இழுபறி. மதுரையிலிருந்து தனியாகப் போயிருந்ததால் எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது பீருக்கும் மணாலிக்கும் ரிஷிகேஷுக்கும் போகிறார்கள். போவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று மருத்துவமனைக் கட்டிலில் நான் நினைத்த விஷயங்களை அவர்களுக்காக எழுதுகிறேன்.

பீர் என்பது கீழே இருக்கும் ஊர். பில்லிங் அதற்கு மேலே, சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் புல்வெளிச் சரிவு. கீழிருந்து ஜீப்பில் பதினாலு கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அங்கிருந்து டேண்டமாக, அதாவது பைலட் பின்னால், நாம் முன்னால் உட்கார்ந்து பறந்து பீரில் வந்து இறங்குவோம். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி ஒன்று நடந்த இடம் இது. அதனால் எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, பறக்கத் தடை. நான் போனது அக்டோபர் கடைசியில், அதாவது நல்ல பருவத்தில்.

தங்கியிருந்த விடுதியிலேயே ஒரு ஏஜென்ட் பேசினார். இருபது நிமிடம் பறக்க 3,000 ரூபாய், வீடியோவுக்கு 500. பாதுகாப்பு எப்படி என்று கேட்டேன். "லைசென்ஸ் பைலட், இன்ஷூரன்ஸ் இருக்கு சார், கவலையே வேண்டாம்" என்றார். எடை கேட்டார். 98 கிலோ என்றேன். "தொண்ணூறுக்கு மேல் என்றால் 500 ரூபாய் கூடுதல்" என்றார். கனமான ஆளுக்குப் பெரிய கிளைடர் எடுப்பார்கள், அதற்கான காசு போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கொடுத்தேன். பணம் போனது ஒரு தனி ஆளின் யூபிஐ எண்ணுக்கு. பில் கிடையாது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பீரில் நாம் பேசும் ஆள் வேறு, பதிவு பெற்ற நிறுவனம் வேறு, நம்மைத் தூக்கிக்கொண்டு பறக்கும் பைலட் வேறு. இமாச்சல அரசின் ஏரோ ஸ்போர்ட்ஸ் விதிகளின்படி நிறுவனம் சுற்றுலாத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், பைலட்டுக்கு டேண்டம் உரிமம் இருக்க வேண்டும், கிளைடரையும் மற்ற உபகரணங்களையும் தொழில்நுட்பக் குழு பார்த்து அனுமதித்திருக்க வேண்டும். ஏஜென்ட் "லைசென்ஸ் இருக்கு" என்று சொல்வது இந்த மூன்றில் எதைப் பற்றி என்று நமக்குத் தெரியாது. ஆகவே பணம் கொடுக்கும் முன் நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பைலட்டின் உரிம அட்டையைப் பறப்பதற்கு முன் மேலே கேட்டுப் பாருங்கள். அதில் டேண்டம் என்று இருக்கிறதா, தேதி முடிந்திருக்கிறதா, படத்தில் இருப்பவரும் எதிரில் நிற்பவரும் ஒருவர்தானா என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஒழுங்கான பைலட்டுகள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. பணத்தை நிறுவனத்தின் பெயரில் இருக்கும் கணக்குக்கே அனுப்புங்கள். அந்த ரசீது பின்னால் எவ்வளவு தேவைப்படும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

மேலே போனபோது மாலை நாலரை இருக்கும். வரிசை நீளம். சூரியன் மறையும் நேரத்தில் பறக்கத்தான் எல்லாருக்கும் ஆசை, காற்றும் அப்போது பகல் நேரத்துக் கொந்தளிப்பு அடங்கி மென்மையாக இருக்கும். எனக்குக் கிடைத்த பைலட் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் பையன். ஹார்னெஸை மாட்டி, தொடைப் பட்டை இரண்டு, மார்புப் பட்டை, கிளைடரோடு இணைக்கும் காரபினர் கொக்கி எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தான். அந்த வேலையைச் சரியாகவே செய்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2024 பிப்ரவரியில் குலு மாவட்டத்து டோபியில் தெலங்கானாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் மேலிருந்து விழுந்து இறந்தார். பைலட்டும் உபகரணமும் பதிவு பெற்றவைதான், பாதுகாப்புப் பட்டையைச் சரிபார்க்காத மனிதத் தவறு என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். பதிவு, உரிமம் எல்லாம் இருந்தாலும் கடைசிச் சோதனை நம் தொடையைச் சுற்றியிருக்கும் அந்தப் பட்டைகள்தான். பைலட் இழுத்துப் பார்த்த பிறகு நீங்களும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தொடைப் பட்டை பூட்டாமல் மார்புப் பட்டை மட்டும் பூட்டியிருந்தால், நிற்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

ஓடினோம், கிளம்பினோம், பறந்தது அற்புதமாக இருந்தது. இறங்குவதற்குள் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. டேண்டம் கிளைடர் காற்றை வெட்டிக்கொண்டு மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் போகும். எதிர்க்காற்று பதினைந்து கிலோமீட்டர் வீசினால், தரையைப் பொறுத்து நம் வேகம் இருபத்தைந்துக்குள் வந்துவிடும், நாலு எட்டு ஓடி நிற்கலாம். காற்றே இல்லையென்றால் முழு வேகமும் தரையில் தெரியும். கடைசி நொடியில் பைலட் இரண்டு பிரேக்கையும் ஆழமாக இழுத்து வேகத்தைக் கொல்ல வேண்டும். பையன் இழுத்தான், கொஞ்சம் தாமதமாக. "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்தினான். என் வலது கால் திடலில் ஒரு மேட்டில் பட்டு மடங்கியது, அதன்மேல் நாங்கள் இருவரும் விழுந்தோம். சத்தம் எனக்கே கேட்டது.

ஒரு வண்டியில் ஏற்றிப் பாலம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஏஜென்ட் காதோரம் வந்து, "ஹோட்டல் படியில வழுக்கி விழுந்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க சார், அப்பதான் உங்க இன்ஷூரன்ஸ் கொடுப்பான்" என்றார். வலியில் துடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த நேரத்தில் அழுகைதான் வந்தது. மொழி பாதிதான் புரிகிறது, கூட யாரும் இல்லை, மனைவிக்குப் போன் செய்தால் பயந்துவிடுவாள். ஆனாலும் மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். விபத்து என்பதால் எம்எல்சி என்ற மருத்துவ-சட்டப் பதிவும் போட்டார்கள். பொய் சொல்லியிருந்தால் அந்தக் காகிதத்திலேயே பொய் ஏறியிருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் முறிவு, வீடியோ, விடுதிக்காரர் என்று எதிலாவது அது உடைந்திருக்கும், அதோடு என் பாலிசியே ரத்தாகியிருக்கலாம். யார் என்ன சொன்னாலும் டிஸ்சார்ஜ் சம்மரியில் "டேண்டம் பாராகிளைடிங்கில் பயணியாகச் சென்று இறங்கும்போது காயம்" என்று உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். "பயணியாக" என்பது அதில் இருக்கட்டும். காரணம் பின்னால் வருகிறது.

மறுநாள் அந்தப் பைலட் பையன் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். முகம் வாடியிருந்தது. அவனிடம்தான் கிளைடர் பற்றிக் கேட்டேன். "சின்ன கிளைடர் சார். பெரியது வேற பைலட்கிட்ட இருந்தது. மேக்ஸிமம் 190 கிலோ" என்றான். நான் கூடுதலாகக் கொடுத்த 500 ரூபாய் அவனுக்குத் தெரியவே தெரியாது.

எடை வரம்பு என்று நாம் நினைப்பது ஒன்று, கிளைடரில் எழுதியிருப்பது ஒன்று. டேண்டம் கிளைடர் ஒவ்வொன்றுக்கும் சோதித்துச் சான்று கொடுத்த எடை எல்லை உண்டு. உதாரணமாக 100 முதல் 190 கிலோ, பெரியதென்றால் 220 வரை. அது பயணியின் எடை அல்ல. தரையை விட்டுக் கிளம்பும்போது தொங்கும் மொத்த எடை. என் கணக்கு இப்படி: நான் 98, ஜாக்கெட், பூட்ஸ், தோள்பை சேர்த்து 101. பைலட் தன் எடை 76 என்றான், குளிருடையோடு 78. கிளைடர், இரண்டு ஹார்னெஸ், ரிசர்வ் பாராசூட், ஹெல்மெட்டுகள் எல்லாம் சேர்த்து சுமார் 20. ஆகமொத்தம் 199. எல்லையை விட 9 கிலோ கூட. அதே கிளைடரில் அதே பைலட்டோடு 85 கிலோ ஆள் போயிருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை.

நியாயமாகச் சொல்வதென்றால் 9 கிலோ கூடினதால் கயிறு அறுந்துவிடாது, கிளைடர் அதைவிடப் பல மடங்கு பளுவைத் தாங்கும். இறங்கும் வேகமும் மூன்று சதவீதத்துக்குள்தான் கூடியிருக்கும். என் கால் உடைந்ததற்கு எடை ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காற்று நின்றது, பிரேக் தாமதமானது, அதோடு தன்னைவிட இருபது கிலோவுக்கு மேல் கனமான ஆளைப் பைலட்டால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் எல்லைக்கு வெளியே போய்விட்டால், நடுவானில் கிளைடர் ஒரு பக்கம் மடங்கினால் எப்படித் திரும்ப விரியும் என்பதை யாரும் சோதித்துச் சான்று தரவில்லை. ரிசர்வ் பாராசூட்டுக்கும் தனி எடை எல்லை இருக்கிறது, அதைத் தாண்டினால் அது விரிந்தாலும் இறங்கும் வேகம் கூடும்.

அதனால் "என் எடை பரவாயில்லையா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். "இந்தக் கிளைடரின் மேக்ஸிமம் எவ்வளவு, உங்கள் எடை எவ்வளவு, சாமான் எவ்வளவு?" என்று கேளுங்கள். கிளைடரின் உள்பக்கம் தைத்திருக்கும் துணிச்சீட்டில் எடை எல்லை அச்சிட்டிருக்கும், விரித்துப் போட்டிருக்கும்போது காட்டச் சொல்லலாம். கூட்டிப் பார்க்கச் செல்போன்கூட வேண்டாம். கூடுதல் பணம் கேட்டால் அது பெரிய கிளைடருக்கா என்று கேட்டு, பெரிய கிளைடர்தான் வந்திருக்கிறதா என்று மேலே போய்ப் பாருங்கள். மெலிந்தவர்களுக்கும் இது பொருந்தும். மொத்த எடை கீழ் எல்லைக்கும் குறைந்தால் கிளைடரில் இழுவிசை குறைந்து கொந்தளிப்பில் எளிதாக மடங்கும். கல்லூரிப் பெண்பிள்ளைகளை ஒல்லியான பைலட்டோடு பெரிய கிளைடரில் ஏற்றும்போது இதையும் பார்க்க வேண்டும்.

இனி பணம். மருத்துவமனை பில் 1,38,000 ரூபாய். ஏஜென்ட் சொன்ன இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டேன். நிறுவனத்திலிருந்து ஒருவர் பேசினார். அவர்கள் எடுத்திருந்தது குழு விபத்துக் காப்பீடு. இறந்தால் பணம், கைகால் நிரந்தரமாகப் போனால் பணம். மருத்துவச் செலவுக்கு ஒரு ரூபாயும் இல்லை. அவர்கள் சொன்னது பொய்யில்லை, இன்ஷூரன்ஸ் இருக்கத்தான் செய்தது. எனவே "இருக்கிறதா" என்பதோடு நிற்காமல், மருத்துவமனைச் செலவு அதில் அடங்குமா, எவ்வளவு வரை என்று கேளுங்கள். அந்தச் சான்றிதழின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

எனக்குச் சொந்தமாக இரண்டு பாலிசி இருந்தது. ஒன்று தனிநபர் விபத்துக் காப்பீடு. வேலைக்குப் போக முடியாத ஒவ்வொரு வாரத்துக்கும் 5,000 ரூபாய் தரும். எட்டு வாரத்துக்குக் கேட்டேன், 40,000. மறுத்துவிட்டார்கள். இந்த வகைப் பாலிசிகளில் வழக்கமாக ஒரு விலக்கு இருக்கும்: கட்டணம் செலுத்திய பயணியாக, உரிமம் பெற்ற வழக்கமான விமானத்தில் போவது தவிர வேறு எந்த வகையில் வானில் போனாலும் காப்பீடு கிடையாது. சாகச விளையாட்டு என்ற சொல்லைத் தேடிப் பார்க்கிறவர் கண்ணில் இது படாது, விமானப் பயணம் பற்றிய வரியாகத்தான் இருக்கும். என் பாலிசியில் அது தெளிவாக இருந்தது, எனக்கு வாதமே இல்லை. அந்த 40,000 போனது போனதுதான்.

இரண்டாவது, வழக்கமான மருத்துவக் காப்பீடு. கேஷ்லெஸ் கேட்டபோது, காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் டிபிஏ, "சாகச விளையாட்டு, விலக்கு" என்று ஒரே வரியில் நிராகரித்தது. பில்லை மனைவி நகையை வைத்துத்தான் கட்டினோம். ஊருக்கு வந்து பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தேன், அதுவும் அதே வரியோடு திரும்பியது. கட்டிலில் படுத்தபடி பாலிசிப் புத்தகத்தைப் படிக்க அப்போதுதான் நேரம் கிடைத்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் மருத்துவக் காப்பீட்டு விலக்குகளுக்குப் பொதுவான வாசகங்களை வகுத்தது. சாகச விளையாட்டுக்கான விலக்கு பாலிசியில் Excl09 என்ற குறியீட்டோடு இருக்கும். பாராஜம்பிங், மலையேற்றம், ராஃப்டிங், ஸ்கூபா, ஸ்கை டைவிங் என்று பட்டியல் போகும். ஆனால் அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில், தொழில்முறையாளராகப் பங்கேற்றதால் ஏற்பட்ட சிகிச்சைச் செலவு என்று இருக்கிறது. நான் காசு கொடுத்து முன்னால் உட்கார்ந்த பயணி. தொழில்முறையாளர் எனக்குப் பின்னால் இருந்த பையன்.

இதைச் சுட்டிக்காட்டி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினேன். விலக்கு வாசகத்தை முழுதாக எடுத்து எழுதி, பயணி என்று குறிப்பிட்ட டிஸ்சார்ஜ் சம்மரி, எம்எல்சி நகல், வீடியோவிலிருந்து நான் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம், பணம் அனுப்பிய யூபிஐ பதிவு எல்லாம் இணைத்தேன். அந்த யூபிஐ பதிவில் நிறுவனத்தின் பெயர் இல்லாததால் அதற்கும் தனியாக விளக்கம் கேட்டார்கள். கடைசியில் முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது.

அடுத்து சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, ஆம்பட்ஸ்மன் என்கிறார்களே அவருக்கு, விண்ணப்பித்தேன். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கூடாது, நாமேதான் பேச வேண்டும். முதலில் நிறுவனத்துக்கு எழுதியிருக்க வேண்டும். அவர்கள் மறுத்த பிறகோ, ஒரு மாதம் பதில் தராமல் இருந்த பிறகோ இங்கே வரலாம். மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வந்துவிட வேண்டும். விசாரணைத் தேதி குறித்த பிறகு நிறுவனத்திலிருந்தே போன் வந்தது, கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். கையுறை, பதிவுக் கட்டணம் போன்றவற்றைக் கழித்து 1,26,000 வந்தது. அடகு வட்டி, விமானத்தில் காலை நீட்ட வாங்கிய கூடுதல் இருக்கைகள், அழைத்துப்போக வந்த மைத்துனரின் பயணம், ஊன்றுகோல், பிசியோதெரபி என்று கையை விட்டுப் போனது 65,000-க்குக் குறையாது. எல்லா நிறுவனமும் எல்லாருக்கும் இப்படி இறங்கி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். சில பாலிசிகளில், முக்கியமாகப் பழையவற்றிலும் அலுவலகக் குழுக் காப்பீட்டிலும், வாசகம் வேறு மாதிரி இருக்கலாம். பயணக் காப்பீடு என்று டிக்கெட்டோடு சேர்த்து விற்பதில் சாகச விளையாட்டுகளைத் தனிக் கூடுதலாக எடுத்தால்தான் சேரும் என்பது பரவலான வழக்கம்.

ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "நான் தொழில்முறையாளர் அல்ல. இன்ன மாநிலத்தில், இன்ன தேதியில், உரிமம் பெற்ற பைலட்டோடு பயணியாக டேண்டம் பாராகிளைடிங் செல்கிறேன். இதில் காயம்பட்டால் என் பாலிசி எண் இன்னதில் மருத்துவமனைச் செலவு அடங்குமா? Excl09 இதற்குப் பொருந்துமா?" இவ்வளவு போதும். ராஃப்டிங் என்றால் பைலட் என்பதற்குப் பதிலாக வழிகாட்டி என்று எழுதிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டு வாய்வழியாக வாங்கும் பதில் அப்புறம் கைகொடுக்காது. பதில் வராவிட்டால் நினைவூட்டி இன்னொன்று அனுப்புங்கள், அந்த இரண்டு மின்னஞ்சலையும் அழிக்காமல் வைத்திருங்கள். அடங்காது என்று பதில் வந்தால், சாகச விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளும் பயணக் காப்பீட்டைத் தனியாக எடுத்து, அதன் பட்டியலில் பாராகிளைடிங் என்ற பெயர் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.